ஐந்து கோடும் ஒரு கறையும்

அண்ணன் மகள் ஒரு மாலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பழுப்பேறிய ஒற்றைத் தாள். மேல் ஓரம் கிழிந்திருந்தது. இடப்பக்கம் புத்தகத்தின் மடிப்பில் நிழல் விழுந்திருந்தது. ஐந்தைந்து கோடுகளாக எட்டு வரிசை, இரண்டிரண்டாக இடது ஓரத்தில் கட்டப்பட்டவை. கோடுகள்மேல் கறுப்புப் புள்ளிகள். பாட்டின் வரி என்று ஒரு எழுத்துகூட இல்லை. படத்துக்குக் கீழே, "சித்தப்பா, இது என்ன பாட்டு?" என்று கேட்டிருந்தாள்.

தாள் என் பெரிய அத்தையின் தகரப்பெட்டியில் இருந்தது. அத்தை கொடைக்கானலில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர், அங்கே ஒரு சபையின் பாடகர் குழுவில் பாடியவர். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது பெட்டியின் அடியில், சேலைக்குக் கீழே, இது மட்டும் தனியாகக் கிடந்ததாம். மற்ற பாட்டுப் புத்தகங்களை எல்லாம் அத்தையே யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். இதை மட்டும் வைத்துக்கொண்டார்.

அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு வீட்டில் மூன்று பேர் மூன்று விஷயம் கேட்டோம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அண்ணன் மகள் இரண்டு வருஷமாக கீபோர்டு கற்கிறாள். அவளுக்கு இதை வாசிக்க வேண்டும். அண்ணனுக்கு வரிகள் வேண்டும். வந்திருப்பவர்கள் சேர்ந்து பாட வேண்டுமே. எனக்குப் பெயர் வேண்டும். எதையும் பெயர் வைத்து அடுக்கினால்தான் நிம்மதி என்கிற புத்தி எனக்கு. மூன்றையும் சேர்த்துத்தான் "இது என்ன பாட்டு" என்ற ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். இலக்கியம் வாசிப்பவர்களும் இந்தத் தப்பைச் செய்வோம். ஒரு பிரதி கையில் கிடைத்ததும் அது எதைச் சொல்கிறது என்று பார்க்காமல், அது யாருடையது, எதைப் பற்றியது என்று கேட்போம்.

அதனால் முதலில் தாளை வாசிப்போம் என்றேன். "வரியே இல்லையே, என்னத்த வாசிக்கிறது?" என்றான் அண்ணன்.

இசைக்குறிப்பில் இடது ஓரம்தான் முகவரி. அங்கே ட்ரெபிள் கிளெஃப், அதற்குப் பக்கத்தில் ஷார்ப்போ ஃபிளாட்டோ சில குறிகள், பிறகு ஒரு பாருக்கு எத்தனை தட்டு என்ற எண். இந்த மூன்றும் தெரியாவிட்டால் மீதிப் பக்கம் முழுக்கத் தெளிவாக இருந்தும் பிரயோஜனமில்லை. அவள் அனுப்பிய படத்தில் சரியாக அந்த இடம்தான் நிழலில் இருந்தது. முதல் வரிசையில் ஒரு ஷார்ப் தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதா, இருட்டு விழுங்கிவிட்டதா என்று சொல்ல முடியவில்லை. ஒன்றா இரண்டா என்பது சின்ன வித்தியாசம் இல்லை. ஒரு ஷார்ப் என்றால் ஆதார ஸ்வரம் ஜி. நம் கணக்கில் அஞ்சு கட்டை. இரண்டு என்றால் டி, ரெண்டு கட்டை. தப்பாக எடுத்துக்கொண்டால் பாட்டு நெடுக ஒரு ஸ்வரம் அரைப்படி பிசகும். கேட்பவருக்கு ஏதோ உறுத்தும், எங்கே என்று தெரியாது.

நல்லவேளை, இந்த முகவரியை ஒரே தடவை எழுதிவிட்டு விட்டுவிடுவதில்லை. நேரக் குறியீட்டு எண் முதல் வரிசையில் மட்டும்தான் வரும். ஆனால் கிளெஃப்பும் ஷார்ப்பும் ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் மறுபடி அச்சிடப்பட்டிருக்கும். பக்கத்தின் கீழ்ப்பகுதியில் மடிப்பு கொஞ்சம் விரிந்திருந்தது. மூன்றாவது ஜோடி வரிசையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரே ஒரு ஷார்ப், அதற்குப் பிறகு வெறும் தாள். சந்தேகம் தீர்ந்தது.

முழுசாகத் தீரவில்லை. ஒரு ஷார்ப் என்றால் ஜி மேஜராக இருக்கலாம், ஈ மைனராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் அதே குறிதான். சங்கராபரணமா நடபைரவியா என்று கேட்பது மாதிரி. இதற்குப் பக்கத்தின் கடைசிக்குப் போகவேண்டும். கீழ் வரிசையில் அடிக்குரலின் கடைசி ஸ்வரம் எது? இங்கே ஜி. பாட்டு வந்து உட்காரும் இடம் அதுதான். எப்போதும் இது பொய்க்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் சபைப் பாட்டுகளில் அநேகமாகப் பொய்க்காது.

அடுத்து வந்தது கறை. அவள் வாசித்துப் பதிவு செய்து அனுப்பியதில் இரண்டாவது அடியில் ஒரு இடம் நொண்டியது. "சித்தப்பா, அங்க ஒரு டாட் இருக்கு, அதான் இழுத்தேன்" என்றாள். ஸ்வரத்துக்கு வலப்பக்கம் வைக்கிற புள்ளி அதன் நீளத்தைப் பாதி கூட்டும். ஒரு தட்டு ஒன்றரை ஆகும். அவள் தப்பாகப் படிக்கவில்லை. அங்கே புள்ளி இருக்கத்தான் செய்தது.

ஆனால் கொடைக்கானலில் காகிதம் எப்படி மூப்படையும் என்று தெரிந்தவர்கள் அந்தப் புள்ளியை உடனே நம்பமாட்டார்கள். ஏழாயிரம் அடி உயரம், வருஷத்தில் பாதி நாள் ஜன்னல் வழியாக மூட்டம் உள்ளே வரும். பழைய தாள்களில் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்புப் புள்ளிகள் தாமாகவே முளைக்கும். போனில் எடுத்த படத்தை கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் துருவும் மையும் ஒன்றாகிவிடும். இவளும் "கிளியரா தெரியட்டும்னு" அப்படித்தான் மாற்றி அனுப்பியிருந்தாள்.

புள்ளி மையா கறையா என்று அறிய மூன்று சோதனை உண்டு. முதலாவது எண்ணிக்கை. இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பாருக்கும் நாலு தட்டு. அந்தப் பாரில் நாலு ஸ்வரம், எல்லாம் ஒரு தட்டுக்காரர்கள். புள்ளியைச் சேர்த்தால் நாலரை. அச்சில் கணக்குப் பிசகுவது அபூர்வம். இரண்டாவது, அக்கம்பக்கம். ஒரே நேரத்தில் நாலு குரல் பாடுகிற பக்கம் இது. ஸ்வரங்கள் மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். மேல்குரல் ஒன்றரை தட்டு இழுத்தால் அடுத்த ஸ்வரம் மற்ற மூன்று குரல்களைவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். இங்கே நாலும் வரிசையாக நிற்கின்றன. மூன்றாவது சோதனை அச்சுக்கோப்பவருடையது. ஸ்வரம் கோட்டின்மேல் இருந்தால் அதன் புள்ளியைக் கோட்டில் வைக்கமாட்டார்கள், கோட்டுக்கு மேலே உள்ள இடைவெளியில் வைப்பார்கள். கோட்டில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாதே. இந்தப் புள்ளி கோட்டின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. எந்த அச்சகத்துக்காரரும் அப்படி வைக்கமாட்டார். கறைதான்.

வண்ணத்தில் மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: ஃபிளாஷ் போடாதே, காலையில் ஜன்னலோரம் வைத்து வெளிச்சம் சாய்வாக விழும்படி எடு. அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

"அப்புறம் இந்தக் கண்ணு எதுக்கு?" என்றாள். பக்கத்தில் நாலு இடத்தில் ஸ்வரத்துக்கு மேல் ஒரு வில்லும் அதற்குள் ஒரு புள்ளியும். பார்க்கக் கண் மாதிரியேதான் இருக்கும். இத்தாலிய மொழியில் ஃபெர்மாட்டா என்பார்கள். இங்கே நில், கணக்குப் பார்க்காதே என்று அர்த்தம். சபைப் பாட்டில் அது மூச்சு வாங்கும் இடம். நூறு பேர் சேர்ந்து பாடும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குவது எங்கே? அடி முடிகிற இடத்தில்.

எனக்கு இந்தப் பக்கம் உண்மையாகவே திறந்தது அங்கேதான். நாலு கண், அப்படியென்றால் நாலு அடி. கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே ஸ்வரங்களை எண்ணினோம். எட்டு, எட்டு, எட்டு, எட்டு. இந்தத் தாளில் வரி இல்லைதான். ஆனால் அந்த இல்லாத வரி எப்படி இருக்கவேண்டும் என்று தாள் துல்லியமாகச் சொல்கிறது. நாலு அடி, அடிக்கு எட்டு அசை, அசைக்கு ஒரு ஸ்வரம். ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களில் இந்த அளவுக்குப் பெயரே உண்டு. லாங் மீட்டர், சுருக்கமாக எல்.எம். என்று மெட்டின் தலைப்புக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். நம் தாளில் அந்தத் தலைப்பைத்தான் யாரோ கிழித்துவிட்டார்கள்.

இதைத் தமிழில் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். கொடைக்கானலிலிருந்து இறங்கி, பெருமாள்மலையில் வடக்கே பிரிகிற சாலையில் போனால் இதே மலையின் அடிவாரத்தில் பழனி. அங்கே அருணகிரிநாதரின் திருப்புகழ் இருக்கிறது. திருப்புகழ்ப் பதிப்பு எதையாவது திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே தன, தான, தத்த, தந்த என்று ஒரு வரி போட்டிருக்கும். சந்தக் குழிப்பு என்பார்கள். அதற்குப் பொருள் எதுவும் கிடையாது. குறில் எங்கே, நெடில் எங்கே, மெய் எங்கே அழுத்துகிறது என்பதன் அச்சு அது. சொல்லே இல்லாத குறிப்பு. பாட்டின் மெட்டு பல நூற்றாண்டில் கைநழுவிப் போயிற்று. சந்தமும் சொல்லும் தங்கின. இன்று நாம் கேட்கிற திருப்புகழ் மெட்டுகளில் பெரும்பகுதி பிற்காலத்துப் பாடகர்கள் அந்தச் சந்தத்தின்மேல் கட்டியவை.

ஆக ஒரே மலைக்கு இரண்டு பக்கம். வடக்கு அடிவாரத்தில் மெட்டு போய்ச் சொல் நிற்கிறது. மேலே அத்தையின் பெட்டியில் சொல் போய் மெட்டு நிற்கிறது. இரண்டையும் தாங்கி நிற்பது அளவு. அந்த அளவு அழியாமல் இருக்கும்வரை இன்னொரு பாதியை யாராவது கட்டிக்கொள்ளலாம். ஆனால் கட்டுவது வேறு, மீட்பது வேறு. அண்ணன் கேட்டது மீட்பது.

பெயரைக் கண்டுபிடிப்பது உண்மையில் சுலபமாக முடிந்தது. மெட்டுகளைத் தேட ஒரு எளிய வழி உண்டு. டெனிஸ் பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1975இல் ஒரு மெட்டு அகராதி போட்டார். ஸ்வரத்தின் பெயரோ சுருதியோ தாளமோ எதுவும் வேண்டாம், முந்தைய ஸ்வரத்திலிருந்து அடுத்தது ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று மட்டும் எழுதிக்கொண்டால் போதும் என்றார். ஏறினால் U, இறங்கினால் D, நின்றால் R. எங்கள் தாளின் முதல் அடி, ஒரே ஸ்வரத்தை இரண்டு தரம் தட்டிவிட்டு மூன்று படி இறங்கி, மறுபடி புறப்பட்ட இடத்துக்கே தாவி, அங்கிருந்து இரண்டு படி ஏறி நிற்கிறது. எழுதினால் இவ்வளவுதான்:

```
*RDDDUUU
```

நட்சத்திரம் முதல் ஸ்வரத்துக்கு. இதை அப்படியே ஏற்றுக்கொண்டு தேடித்தரும் Musipedia மாதிரித் தளங்கள் உண்டு. ஏழு எழுத்துக்குப் பல மெட்டு வந்து விழும் என்பதால் இரண்டாவது அடியையும் சேர்த்துப் போடவேண்டும். மேல்குரலுக்குப் பதிலாக இரண்டாம் குரலை எடுத்துப் போட்டால் ஒன்றும் அகப்படாது. ஒரே வரிசையில் இரண்டு குரல் அச்சிட்டிருக்கும்போது காம்பு மேல்நோக்கி இருப்பதுதான் மேல்குரல். புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் இடறுவார்கள்.

வந்த பெயர், ஓல்டு ஹண்ட்ரட்த். 'பழைய நூறாவது'. தமிழ்ச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் மெட்டு தெரியும். ஆராதனையில் துதிப்பாட்டாக இன்றும் பாடுகிறார்கள். இரண்டாவது அடியை வாசிக்கும்போதே அண்ணன் வாய்க்குள் முனக ஆரம்பித்துவிட்டான்.

"அப்ப இதான் பாட்டு. வரி எனக்கே தெரியும். முடிஞ்சுதுல்ல?"

முடியவில்லை. இந்த மெட்டு 1551இல் ஜெனீவாவில் அச்சான பிரெஞ்சு சங்கீதப் புத்தகத்தில் வருகிறது. லூயி பூர்ஷ்வா அமைத்ததாகச் சொல்வார்கள். அங்கே அது நூறாவது சங்கீதத்துக்கு உரியதே அல்ல, 134ஆவது சங்கீதத்துக்கு உரியது. 1560களில் ஆங்கிலக்காரர்கள் எடுத்து நூறாவது சங்கீதத்தின் மொழிபெயர்ப்புக்குப் பொருத்தினார்கள். 1696இல் புதிய சங்கீத மொழிபெயர்ப்பு ஒன்று வந்த பிறகுதான் பழைய புத்தகத்தின் நூறாவது என்று இதற்குப் பெயர் தங்கியது. அதற்குப் பிறகும் எட்டெட்டு அசையில் யார் எழுதிய எந்தப் பாட்டுக்கும் இது இடம் கொடுத்துக்கொண்டே வந்தது. கல்யாணத்துக்கும் பாடலாம், சாவுக்கும் பாடலாம். அந்தக் காலத்தில் மெட்டுப் புத்தகம் தனி, பாட்டுப் புத்தகம் தனி. இந்தத் தாள் ஒரு மெட்டுப் புத்தகத்திலிருந்து வந்தது. இதில் வரி அழிந்துபோகவில்லை. வரி இதில் எப்போதுமே இருந்ததில்லை.

'அசல் வரி எது' என்ற கேள்விக்கு இந்தத் தாளில் விடை இல்லை என்று அண்ணனிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. அத்தை இதை எந்த வரிக்குப் பாடினார், ஆங்கிலத்திலா தமிழிலா, யாருக்காகப் பாடியபோது இந்தத் தாளைத் தனியே எடுத்துவைத்தார் என்பதுதான் அவன் உண்மையில் கேட்டது. அதை ஓல்டு ஹண்ட்ரட்த் என்ற பெயர் சொல்லிவிடாது. பெயர் கிடைத்ததும் கேள்வி தீர்ந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வருகிறதே, அதை நம்பக்கூடாது என்று அன்றைக்குத் தோன்றியது.

மலையில் இதற்கு நேர் எதிரான புத்தகமும் புழங்கியது. கொடைக்கானலில் 1845இல் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் அமெரிக்கன் மதுரை மிஷன்காரர்கள். அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1850களில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுகள் அதில் முக்கியமானவை. இன்றைய கீர்த்தனைப் புத்தகங்களும் அந்த வழியில்தான் இருக்கின்றன. பாட்டின் தலையில் ராகம், தாளம் பெயர் மட்டும். கீழே பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். ஸ்வரம் ஒன்றுகூட இராது. ராகத்தின் பெயரைச் சொன்னால் பாடத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறார் என்று அந்தப் புத்தகம் நம்புகிறது. மெட்டுப் புத்தகமோ ஸ்வரத்தைக் கொடுத்தால் வரி தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறார் என்று நம்புகிறது. இரண்டுமே பாதிப் புத்தகம். பாடுகிறவரின் நினைவில்தான் மீதிப் பாதி.

தாளைப் பழனியில் வயலின் சொல்லிக்கொடுக்கும் ஒரு நண்பருக்கும் அனுப்பினேன். "எத்தனை கட்டை?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அஞ்சு என்றேன். ஸ்வரப்படுத்தி அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டு, "சங்கராபரணம்" என்று கீழே எழுதியிருந்தேன். உடனே போன் வந்தது.

"ஸ்வரம் சங்கராபரணத்தோடதுதான். அதுக்காக சங்கராபரணம்னு சொல்லிடுவீங்களா? இதுல எங்கயாவது காந்தாரம் அசையுதா? மத்யமம் அசையுதா? நேரா நேரா நிக்குது. நம்ம நோட்டுஸ்வரம் மாதிரி."

முத்துஸ்வாமி தீட்சிதர் கம்பெனிக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரி போட்டுச் செய்த பாட்டுகளைத்தான் நோட்டுஸ்வரம் என்கிறோம். பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டுக்கு அவர் போட்ட 'சந்ததம் பாஹிமாம்' நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். வரியில்லாத மெட்டைக் கேட்ட ஒரு பெரிய இசைக்காரர் என்ன விரும்பினார் என்பதற்கு நம்மிடம் உள்ள நல்ல சான்று அது. பெயரையும் பழைய வரியையும் அவர் தேடவில்லை. அளவைப் பிடித்துக்கொண்டு தன் சொல்லைப் போட்டார். மெட்டை வளைத்து ராகமாக்கவும் இல்லை. நேராக இருந்ததை நேராகவே விட்டார்.

நண்பர் சொன்னதை யோசிக்கையில்தான் இந்தத் தாளைப் பற்றி எனக்கு இருந்த பெரிய குழப்பம் தெளிந்தது. கர்நாடக சங்கீதப் புத்தகம் ஒன்றில் ஸ்வரத்தின்மேல் எந்தக் குறியும் இல்லையென்றால் என்ன அர்த்தம்? இங்கே அசைவு உண்டு, அதை ஆசிரியரிடம் கேட்டுக்கொள் என்று அர்த்தம். அதனால்தான் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சிட்டபோது ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறி போட மெனக்கெட்டார். அவருக்குச் சற்று முன்னால், 1893இல், ஏ.எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை இதே ஐந்து கோட்டில் எழுதி அச்சிட்டார். எழுதாமல் விட்டால் போய்விடும் என்று இருவருக்குமே பயம் இருந்திருக்கிறது. ஆனால் சபைப் பாட்டின் தாளில் குறி இல்லையென்றால் அர்த்தம் தலைகீழ்: இங்கே எதுவும் செய்யாதே, ஸ்வரத்தில் நில், அவ்வளவுதான். நாலு குரல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்கும்போது ஒரு குரல் அசைந்தாலும் அடுக்கு கலைந்துவிடும்.

காலியாக விட்ட இடம் இரண்டு தாளிலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது. ஒன்றில் 'என்னிடம் வா' என்கிறது, இன்னொன்றில் 'சும்மா இரு' என்கிறது. கற்பவர் கையில் கிடைத்த தாள் எந்த ஊர்ப் பழக்கத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் வாசித்தால் கீர்த்தனை மரக்கட்டையாகும், சபைப் பாட்டு குழையும். சுருதியும் இப்படித்தான். நம் எழுத்தில் ஸ என்றால் உங்களுடைய ஸ. எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஐந்து கோட்டில் இருக்கும் ஜி, யார் பாடினாலும் அதே ஜிதான். அண்ணன் மகள் பாட முயன்று மேல் பஞ்சமத்தில் குரல் கிறீச்சிட்டபோது, ஒரு கட்டை இறக்கி வைத்துக்கொள் என்றேன். "தாள்ல அப்படி இல்லையே" என்றாள். வாசிக்கும்போது தாள் சொல்வதைக் கேள், தனியாகப் பாடும்போது தொண்டை சொல்வதைக் கேள் என்று சொன்னேன்.

மறுநாள் காலை, ஜன்னலோர வெளிச்சத்தில் எடுத்த படம் வந்தது. பென்சில் கரி நேர் வெளிச்சத்தில் பழுப்புத் தாளோடு கலந்துவிடும். சாய்வாக விழும் வெளிச்சத்தில் அது லேசாக மினுக்கும். பாடகர் குழுவில் இருந்தவர் தாளில் பென்சில் படாமல் இருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம். இருந்தது. சின்னச் சின்னதாக, காற்புள்ளி மாதிரி, மூச்சுக் குறிகள். கண் போட்ட நாலு இடங்கள் போக, மூன்றாவது அடியின் நடுவில் ஒன்று கூடுதலாக. எல்லாமே மேல் வரிசையில் காம்பு கீழ்நோக்கிய ஸ்வரங்களுக்கு அடியில்.

காம்பு கீழே என்றால் இரண்டாம் குரல். ஆல்ட்டோ. அத்தை இந்த மெட்டைப் பாடவே இல்லை.

நாங்கள் மூன்று நாளாகத் தேடி, பெயர் கண்டு, வரலாறு பார்த்து, முனகிக்கொண்டிருந்தது மேல்குரலை. ஊருக்கே தெரிந்த பாட்டு அது. அத்தைக்கு 'பாட்டு' என்பது அதற்குக் கீழே, பஞ்சமத்தைச் சுற்றியே அதிகம் நகராமல் நிற்கும் இன்னொன்று. தனியாக வாசித்தால் அது எந்தப் பாட்டு என்று யாருக்கும் தெரியாது. எந்தத் தேடுதளமும் கண்டுபிடிக்காது. வரி தெரிந்தவர்கள்கூட அடையாளம் சொல்லமாட்டார்கள். மெட்டை மறக்க ஆளில்லை, அதனால் அதற்குத் தாளும் தேவையில்லை. இரண்டாம் குரலைத்தான் தாள் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. மற்றதைக் கொடுத்துவிட்டு இதை ஏன் வைத்துக்கொண்டார் என்பதற்கு என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. இதுவும் ஊகம்தான். ஆனால் தாளில் இருக்கும் பென்சிலிலிருந்து வந்த ஊகம்.

நினைவு ஜெபத்தன்று அண்ணன் தனக்குத் தெரிந்த தமிழ் வரியைத் தொடங்கினான். வந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். வயதான இரண்டு பேர் ஆங்கிலத்தில் பாடினார்கள், அளவு ஒன்றுதானே, யாருக்கும் இடிக்கவில்லை. தமிழ் வரியில் ஓரிடத்தில் குறில் ஒன்று கண் போட்ட ஸ்வரத்தில் மாட்டிக்கொண்டு இழுபட்டது. மொழிபெயர்ப்புப் பாட்டில் அது உண்டுதான். அண்ணன் மகள் கீபோர்டில் மேல்குரலை வாசிக்கவில்லை. இரண்டாம் குரலை மட்டும் ஒற்றை விரலில் வாசித்தாள். மூன்றாவது அடியின் நடுவில் எல்லோரும் பாடிக்கொண்டே போக, அவள் மட்டும் அந்தப் பென்சில் குறி இருந்த இடத்தில் விரலை எடுத்து, ஒரு மூச்சு விட்டு, மறுபடி வைத்தாள்.

"என்னம்மா, நடுவுல விட்டுட்ட?" என்று ஒரு பாட்டி பிறகு கேட்டார்.

"தாள்ல அப்படித்தான் இருக்கு பாட்டி" என்றாள்.